சிறுகதை வரைவு: "படத்தின் மூலையில்" – அந்த ஒரு நிமிடம் நம்பும்படி இருக்கிறதா?

இளவேனில் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஒரு மாதமாக இந்தக் கதையை எழுதி எழுதி அடித்துக்கொண்டிருக்கிறேன். ஜெர்மனிக்குப் படிக்கப் போன மதி என்ற பெண், தானே எடுத்த ஒரு சூப்பர் மார்க்கெட் படத்தில் பழகிய காய் ஒன்றை அடையாளம் கண்டுகொள்கிறாள். கதை அவ்வளவுதான். அந்த ஒரு நிமிடம் விழுந்தால் கதையே விழுந்துவிடும். நான் ஜெர்மனி போனதில்லை. அங்கே இருக்கும் தோழி அனுப்பிய படங்களையும் அவள் சொன்னதையும் வைத்து எழுதுகிறேன். நடுப்பகுதியை மட்டும் கீழே தருகிறேன்.

> வந்த முதல் வாரம் எடுத்த படம் அது. கடைக்குள் நுழைந்ததும் கண்ணில் படும் காய்கறி அடுக்கு. அம்மாவுக்கு அனுப்ப எடுத்தவள், அனுப்ப மறந்துவிட்டாள்.
>
> மூன்று வாரம் கழித்து அம்மா போனில் கேட்டாள். "அங்க என்னம்மா காய் கிடைக்குது?"
>
> "தக்காளி, வெங்காயம், உருளைக்கிழங்கு எல்லாம் இருக்கு. நம்ம காயா ஒண்ணும் இல்ல."
>
> போனை வைத்தபிறகுதான் படம் ஞாபகம் வந்தது. இரண்டு விரலால் விரித்துப் பார்த்தாள். வலது மூலையில் பாதி மட்டும் தெரிந்த ஒரு பெட்டி. வெளிர் பச்சை நிறக் கிழங்குகள். உச்சியில் கொத்தாக இலை நறுக்கிய அடையாளம், கீழே எலிவால் போல ஒரு வேர். இப்போதுதான் மண்ணிலிருந்து பிடுங்கிய ஈரம். பெட்டிக்கு மேல் அட்டையில் Kohlrabi என்று எழுதியிருந்தது. அந்தச் சொல்லைக் கைப்பேசியில் தட்டிப் பார்த்தாள்.
>
> நூக்கல்.

இதற்குப் பிறகு மறுநாள் அவள் கடைக்குப் போய் ஒன்று வாங்கி வந்து நறுக்குகிறாள். அது இன்னும் சரியாக வரவில்லை, அதனால் இங்கே போடவில்லை. என் கேள்வி ஒன்றுதான்: அடையாளம் காணும் இடம் நம்பும்படி இருக்கிறதா? தயங்காமல் சொல்லுங்கள்.

---

சரோஜா எழுதியது:

மதிக்கு நூக்கல் கிடைத்ததில் சந்தோஷம் அம்மா. ஆனால் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். கைக்குள் அடங்குகிற அளவுக்குச் சின்னதாக எடுக்கவேண்டும். பெரிதாக வளர்ந்து, மேல்தோல் மங்கி, வெடிப்பு விட்டிருந்தால் உள்ளே நார் ஏறியிருக்கும். கத்தியை அடிப்பக்கம் வைத்து ஒரு அழுத்து அழுத்தினால் தெரிந்துவிடும்: இளசு என்றால் ஆப்பிள் மாதிரி இறங்கும், முற்றல் என்றால் கட்டையில் வைத்தது போல நிற்கும். நார் எப்போதும் அடியிலிருந்துதான் ஏறும். அடிப்பக்கம் ஒரு விரல் அளவுக்குத் தாராளமாக வெட்டிப் போட்டுவிட்டு மிச்சத்தைத் தோல் சீவினால் பாதி முற்றலைக்கூடக் காப்பாற்றிவிடலாம். இலை வாடாமல் இருந்தால் அதையும் தூக்கிப் போடவேண்டாம், கீரை மாதிரிதான்.

---

கல்பனா எழுதியது:

சரோஜா அம்மா, இளவேனில் கேட்டது கதையைப் பற்றி. இருந்தாலும் நீங்கள் சொன்ன அந்தக் கத்தி விஷயத்தை அவர் குறித்துவைத்துக்கொள்ளட்டும். அவர் இன்னும் எழுதாத கடைசிப் பகுதிக்கு உதவும்.

இளவேனில், எனக்கு இருக்கும் ஒரே சிக்கல் அந்த அட்டை. பெயர் முழுதாகப் படிக்கிற மாதிரி எழுதியிருக்கிறது, அவள் படிக்கிறாள், கைப்பேசி பொருள் சொல்கிறது. அப்படியானால் அவள் எதையும் அடையாளம் காணவில்லையே, வெறுமனே வாசித்திருக்கிறாள். அந்தக் காயைப் பிறந்ததிலிருந்து பார்த்திராத யாரும் இதையேதான் செய்வார்கள். உங்கள் கதையில் அவள் கண்ணுக்கு வேலையே இல்லை. அட்டையை எடுத்துவிடுங்கள், அல்லது படிக்க முடியாமல் ஆக்குங்கள்.

---

செந்தில்வேல் எழுதியது:

அட்டை இருக்கட்டும் என்பேன். அதில் ஒரு அழகான விஷயம் ஒளிந்திருக்கிறது. கோல்ராபி என்பதில் வரும் 'ராபி' நம் ராபி பருவம்தான். குளிர்காலத்தில் விளைகிற பயிர், அதனால் அந்தப் பெயர். இந்தியாவிலிருந்து போன சொல் ஜெர்மன் அட்டையில் உட்கார்ந்திருக்கிறது என்று மதி உணர்வதாக எழுதினால் கதை வேறு உயரத்துக்குப் போகும். 'நூல்கோல்' என்பதும் தூய தமிழ்ப் பெயர். உள்ளே நூல் நூலாக நார் இருக்கும் கோல்.

கிழங்கு என்று எழுதியது சரி. முள்ளங்கி, பீட்ரூட் வரிசையில் வரும் வேர்க்காய்தான் இது.

---

தோட்டத்துக்குருவி எழுதியது:

இருபது வருடமாகக் காய்கறி நாற்று வளர்த்து விற்கிறேன். நூக்கலும் அதில் உண்டு. அதனால் இந்த இழையைப் பார்த்ததும் விட மனம் வரவில்லை.

இளவேனில், நீங்கள் வர்ணித்திருப்பது நூக்கல் இல்லை, டர்னிப். உச்சியில் கொத்தாக இலை, கீழே எலிவால் வேர், மண்ணிலிருந்து பிடுங்கிய ஈரம் – மூன்றுமே டர்னிப்பின் அடையாளம். ஒருவேளை நீங்கள் இணையத்தில் படம் தேடும்போது இரண்டும் கலந்து வந்திருக்கலாம், அது அடிக்கடி நடக்கிறது.

நூக்கல் மண்ணுக்குள் இருப்பதே இல்லை. செடி மண்ணிலிருந்து ஒரு மெல்லிய தண்டோடு எழும், ஒரு விரற்கடை மேலே வந்ததும் அந்தத் தண்டு உருண்டு பருக்க ஆரம்பிக்கும். நாம் சாப்பிடுவது அந்தப் பருத்த தண்டைத்தான். செடியைத் தரையோடு குனிந்து பார்த்தால், பந்து ஒன்று ஒற்றைக்காலில் நிற்பது போல இருக்கும். அறுவடையின்போது அந்தக் காலை வெட்டிவிடுவார்கள், அதனால் காயின் அடியில் வால் இருக்காது. நாலணா அளவில் வட்டமாக, கட்டை அறுத்தது போன்ற ஒரு வெட்டுத்தான் இருக்கும். சரோஜா அம்மா சொன்ன நார் ஏன் அடியிலிருந்து ஏறுகிறது என்பதற்கும் இதுதான் காரணம். மொத்தச் செடியையும் தாங்கிய கட்டைக்கால் அங்கேதான் தொடங்குகிறது.

இப்போது உங்களுக்கு வேண்டிய முக்கியமான அடையாளம். தண்டு என்பதால் இலைகள் அதன் மேல் முழுக்க, சுற்றிச் சுற்றி ஏறுகிற படிக்கட்டு மாதிரி, இங்கொன்றும் அங்கொன்றுமாக முளைக்கும். டர்னிப்பில் எல்லா இலையும் உச்சியில் ஒரே இடத்திலிருந்து கிளம்பும், உடம்பு மழமழவென்று இருக்கும். நூக்கலில் இலையை ஒடித்தால் உடம்பெல்லாம் தழும்பு. சில தழும்பில் காம்பின் குட்டை ஒட்டிக்கொண்டிருக்கும், கை முளைக்கத் தொடங்கியது போல. தழும்பு கிடைமட்டமாக, மூடிய கண்ணிமை மாதிரி வளைந்த கோடாகத் தெரியும். படம் எவ்வளவு மங்கலாக இருந்தாலும் ஒரு உருண்டையின் விலாவில் அப்படி ஒன்று தெரிந்தால் போதும், நான் நூக்கல் என்று சொல்லிவிடுவேன்.

செந்தில்வேல், 'ராபி' பற்றி மட்டும் ஒரு திருத்தம். பருவத்தின் பெயர் வேறு சொல், வசந்தத்தைக் குறிக்கும் அரபிச் சொல்லிலிருந்து வந்தது. காயின் பெயரில் இருப்பது டர்னிப்பைக் குறிக்கும் ராபா என்ற லத்தீன் சொல்லின் வழி வந்தது. 'கோல்' என்றால் ஜெர்மனில் முட்டைக்கோஸ். கோஸ் டர்னிப் என்று வைத்துக்கொள்ளுங்கள். குளிர்காலப் பயிர் என்று நீங்கள் சொன்னது சரிதான்.

---

செந்தில்வேல் எழுதியது:

ராபியை விட்டுவிடுகிறேன், விளக்கத்துக்கு நன்றி. நூல்கோல்? அதையும் விடச் சொல்வீர்களா?

---

தோட்டத்துக்குருவி எழுதியது:

அதில் பாதி உங்கள் பக்கம் இருக்கலாம். பழைய விதைப் பட்டியல்களில் ஆங்கிலத்திலேயே நோல்கோல் என்றுதான் போட்டிருப்பார்கள், இன்றும் இந்தியாவில் விதைப் பொட்டலத்தில் அந்தப் பெயர் உண்டு. அது டச்சுச் சொல். 'க்னோல்' என்றால் உருண்ட கிழங்கு, 'கோல்' என்றால் கோஸ். டச்சுக்காரர்கள் 1658 முதல் 1781 வரை நாகப்பட்டினத்தில் இருந்தார்கள், இலங்கையின் கரையோரத்தில் 1796 வரை இருந்தார்கள். அவர்கள் வாயிலிருந்து நேராகத் தமிழுக்கு வந்ததா, பின்னால் வந்த ஆங்கிலேயத் தோட்டக்காரர்கள் வழியாக வந்ததா என்பதில் எனக்கு உறுதியான பிடி இல்லை. ஆனால் வெளியிலிருந்து வந்த ஒலியைத் தமிழ்க் காது 'நூல்' என்றும் 'கோல்' என்றும் பிடித்துக்கொண்டது. உள்ளே நார் வேறு இருக்கிறது, பெயர் பொருந்திவிட்டது. அந்தப் பொருத்தத்தை நம் ஆட்கள்தான் செய்தார்கள்.

---

வடதிசை எழுதியது:

நான் பதினொரு வருடமாக ஜெர்மனியில் இருக்கிறேன். பூர்வீகம் ஈழம். எங்கள் வீட்டில் 'நோக்கோல்' என்றுதான் சொல்வோம், நூக்கல் என்ற சொல்லை இந்தியத் தோழர்களிடம்தான் முதலில் கேட்டேன். குருவி அண்ணன் சொன்ன டச்சு ஒலி எங்கள் பெயரில் அப்படியே இருக்கிறது.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். வந்த புதிதில் ஊதா நிறத்தில் உருண்டையாக ஒன்றைப் பார்த்து பீட்ரூட் என்று வாங்கினேன். வீட்டில் நறுக்கினால் உள்ளே பால் வெள்ளை. தோல் மட்டும்தான் ஊதா. கொஞ்சம் கிள்ளி வாயில் போட்டபிறகுதான் நோக்கோல் என்று தெரிந்தது. அதாவது என் கண் தோற்றது, நாக்கு கண்டுபிடித்தது. வெளிர் பச்சையாக இருந்திருந்தால் கடையிலேயே பிடித்திருப்பேனோ என்னவோ.

இளவேனிலுக்கு இரண்டு விவரம். இங்கே கோல்ராபி அபூர்வமான பொருள் இல்லை. எந்தச் சிறிய கடையிலும் இருக்கும், பச்சையாகவே துண்டு போட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள். அதனால் மதி மூன்று வாரம் அதைப் பார்க்காமல் இருந்ததற்கு நீங்கள் ஒரு காரணம் சொல்லவேண்டும். இரண்டாவது, நிறைய இடங்களில் இலையோடுதான் விற்பார்கள், எடை போடாமல் ஒன்றுக்கு இவ்வளவு என்று. அட்டையில் Stück என்று இருக்கும். இலை நீளமாக, நீலம் கலந்த பச்சையில், பெட்டியை மூடிக்கொண்டு நிற்கும். தூரத்திலிருந்து பார்த்தால் ஏதோ கீரைக்கட்டு என்றுதான் தோன்றும்.

---

கல்பனா எழுதியது:

வடதிசை, காரணத்தையும் நீங்களே கொடுத்துவிட்டீர்கள்! மூன்று வாரமாக அவள் அந்த இலையைத்தான் பார்த்துக்கொண்டு நடந்திருக்கிறாள். பழக்கமில்லாத ஏதோ தழை என்று கண் தாண்டிப் போயிருக்கிறது. படத்தில் என்ன ஆகிறது? பெட்டி மூலையில் இருக்கிறது, படத்தின் விளிம்பு இலையை வெட்டிவிடுகிறது. உருண்டை மட்டும் மிஞ்சுகிறது. கடையில் இலை மறைத்ததைப் படம் காட்டிக்கொடுக்கிறது.

இது இருந்தால் 'படம்' என்பது கதைக்குள் வெறும் கருவியாக இருக்காது. நேரில் நூறு தடவை நடந்தும் தெரியாதது படத்தில் மட்டும் ஏன் தெரிந்தது என்ற கேள்விக்கு இதைவிடச் சுத்தமான பதில் இல்லை.

---

தோட்டத்துக்குருவி எழுதியது:

கல்பனா சொல்வது நடக்கக்கூடியதுதான், ஆனால் ஒரு இடத்தில் கவனம். எங்கள் பக்கத்துச் சந்தையிலும் சில வியாபாரிகள் இலையோடு வைப்பார்கள். மதி வீட்டில் எப்போதும் இலை நீக்கியதையே பார்த்திருக்கிறாள் என்று ஒரு வரி முன்கூட்டியே வேண்டும். இல்லாவிட்டால் இலையைப் பார்த்தே அவளுக்குத் தெரிந்திருக்கும் என்று யாராவது சொல்வார்கள்.

இன்னொன்று அளவு. படத்தில் காய்க்குப் பக்கத்தில் அளவு தெரிந்த ஒரு பொருள் இல்லாவிட்டால் ஏமாறுவது சுலபம். விலாவில் தழும்பு தெரியாத கோணத்தில் வைத்த நூக்கலும், கொஞ்சம் உருண்ட சுரைக்காய் இனமும் ஒரே மாதிரி இருக்கும். பக்கத்துப் பெட்டியில் எலுமிச்சை இருப்பதாக எழுதினால் கண் தானாகக் கணக்குப் போட்டுக்கொள்ளும். நிறத்தை நம்பவேண்டாம், கடை விளக்கில் வெளிர் பச்சை வெள்ளையாகவும் தெரியும் மஞ்சளாகவும் தெரியும். ஆனால் தோல் மேல் விபூதி பூசிய மாதிரி ஒரு மெல்லிய படிவு இருக்கும். கோஸ் குடும்பத்துக்கே உரியது. யாராவது கையில் எடுத்துத் திரும்ப வைத்திருந்தால் விரல் பட்ட இடம் மட்டும் பளபளவென்று தெரியும். டர்னிப்பில் அந்தப் படிவு காயின் மேல் இருக்காது.

---

செந்தில்வேல் எழுதியது:

எனக்கு ஒரு சந்தேகம். படத்தில் இருப்பது இவ்வளவு நுணுக்கமாகப் பார்த்தால்தான் தெரியும் என்றால், படிக்கப் போன இளம்பெண்ணுக்கு அது எப்படித் தெரியும்? குருவி அண்ணன் இருபது வருடம் வளர்த்தவர். மதி அப்படி இல்லையே.

---

சரோஜா எழுதியது:

தம்பி, வீட்டில் தோல் சீவிய பிள்ளைக்குத் தெரியும். நூக்கல் தோலைச் சீவும்போது கத்தி ஒரே ஓட்டமாக ஓடாது. அந்தத் தழும்பு இருக்கிற இடமெல்லாம் இடறும். உருளைக்கிழங்கில் கண் இருக்கிற இடத்தில் குடைந்து எடுப்போம் இல்லையா, அது மாதிரி இங்கேயும் ஒவ்வொரு காம்புக் குட்டையையும் தனியாக எடுக்கவேண்டும். என் பெண் சின்ன வயதில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் குட்டைகளை ஒடித்துப் போடுவாள். 'டக்'கென்று ஒரு சத்தம் வரும், அதற்காகவே செய்வாள். பெயர் மறந்தாலும் அந்தக் குட்டை மறக்காது.

---

இளவேனில் எழுதியது:

சரோஜா அம்மா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நான் தேடியது இதுதான். எங்கள் வீட்டிலும் அப்படித்தான், அந்தச் சத்தத்தை மறந்தே போயிருந்தேன்.

குருவி அண்ணா, டர்னிப் விஷயம் எனக்கு அதிர்ச்சியாகத்தான் இருந்தது. நீங்கள் சொன்னபிறகு தோழி அனுப்பிய படத்தைத் திரும்பப் பார்த்தேன். அதில் இருப்பது நூக்கல்தான், தழும்புகள் தெளிவாகத் தெரிகின்றன. ஆனால் நான் எழுதும்போது அந்தப் படத்தைப் பார்க்காமல் 'கிழங்கு' என்ற சொல்லிலிருந்து கற்பனை செய்திருக்கிறேன். கிழங்கு என்றதும் வேரும் மண்ணும் தானாக வந்து ஒட்டிக்கொண்டுவிட்டன.

அட்டையை என்ன செய்வது என்று மட்டும் இன்னும் முடிவுக்கு வரமுடியவில்லை. படத்தில் அட்டையே இல்லை என்றால் செயற்கையாக இருக்கிறது. கடை என்றால் அட்டை இருக்கும்.

---

வடதிசை எழுதியது:

அட்டை பற்றி ஒன்று. இங்கே சில கடைகளில் பெயரட்டை பெட்டிக்கு மேலே இருக்கும், சிலவற்றில் கீழே. படத்தில் பார்க்கும்போது ஒரு அட்டை மேல் பெட்டிக்குச் சொந்தமா கீழ்ப் பெட்டிக்குச் சொந்தமா என்று சொல்லவே முடியாது. நானே ஒருமுறை அப்படிப் பெயரை மாற்றிப் படித்து, வீட்டுக்குப் படம் அனுப்பி, தவறான காயின் பெயரைச் சொல்லியிருக்கிறேன்.

இப்போது படத்தின் விளிம்பு இலையை வெட்டுகிறது என்று வைத்தோம். அதே விளிம்பு அட்டையையும் வெட்டினால்? Kohl என்ற நான்கு எழுத்து மட்டும் உள்ளே இருந்தால்? மதி அதைத் தட்டிப் பார்த்தால் 'முட்டைக்கோஸ்' என்று வரும். அவள் கண்ணுக்குத் தெரியும், இது முட்டைக்கோஸ் இல்லை.

---

கல்பனா எழுதியது:

இதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். அகராதி ஒன்று சொல்கிறது, கண் வேறு சொல்கிறது, அவள் கண்ணை நம்புகிறாள். அடையாளம் காண்பது என்றால் அதுதான்.

---

தோட்டத்துக்குருவி எழுதியது:

நல்ல இடம். ஒரு சுவாரசியம் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், கதையில் போடவேண்டியதில்லை. அகராதி அவ்வளவு தவறு இல்லை. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், பிராக்கோலி, நூக்கல் நான்கும் தாவரவியலில் ஒரே இனம். இலை மூடிக்கொண்டால் கோஸ், பூ திரண்டால் காலிஃபிளவர், தண்டு பருத்தால் நூக்கல். நாற்றாக இருக்கும்போது இரண்டு மூன்று இலைப் பருவத்தில் என் ஆட்களே குழப்பிக்கொள்வார்கள், தட்டில் பெயர் எழுதிக் குத்தாவிட்டால் அவ்வளவுதான். டர்னிப்தான் வேறு இனம், பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும்.

---

செந்தில்வேல் எழுதியது:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். இலையையும் விளிம்பு வெட்டுகிறது, அட்டையையும் சரியாக நான்கு எழுத்தில் வெட்டுகிறது என்றால் எழுத்தாளர் கத்தரிக்கோலோடு நிற்பது தெரிகிறது. ஒன்று போதும்.

அதோடு இன்னொரு கேள்வி. மதி "நம்ம காயா ஒண்ணும் இல்ல" என்கிறாள். நூக்கலை நம் காய் என்று சொல்லலாமா? எங்கள் ஆத்தா கேரட், பீன்ஸ், கோஸ், நூக்கல் எல்லாவற்றையும் இங்கிலீஷ் காய் என்றுதான் சொல்லும். கத்தரி, வெண்டை, அவரை, புடலை இவைதான் நாட்டுக்காய். ஐரோப்பாவில் 16ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்த காயை, அதன் சொந்த மண்ணில் பார்த்துவிட்டு நம் காய் என்று மதி கண் கலங்கினால், ஆத்தா படித்தால் ஒத்துக்கொள்ளாது.

---

கல்பனா எழுதியது:

செந்தில், முதலாவதை ஏற்கமாட்டேன். ஒரே விளிம்பு ஒரே பக்கத்தில் இருக்கும் இரண்டையும் வெட்டுவது இயல்புதான். இரண்டாவது நல்ல கேள்வி. அதற்காகவே நூக்கல் இந்தக் கதைக்குப் பொருத்தம் என்பேன். முருங்கையை ஜெர்மன் கடையில் பார்த்தால் அங்கே அது அந்நியம், அவளைப் போலவே வந்து சேர்ந்தது. நூக்கல் அங்கே வீட்டுக்காரன். அவளுக்கும் வீட்டுக்காய். இரண்டு வீட்டுக்கும் சொந்தமான ஒன்று. அம்மா வாயில் 'இங்கிலீஷ் காய்' என்ற சொல் ஒருமுறை வந்தால் எனக்கு நன்றாகத்தான் இருக்கும்.

---

வடதிசை எழுதியது:

எனக்கு அந்தச் சொல் வேண்டாம். பதினொரு வருடமாக நோக்கோல் வாங்குகிறேன், ஒருமுறைகூட அது யாருடையது என்று யோசித்ததில்லை. கையில் எடுத்ததும் அம்மாவின் சமையலறைதான் ஞாபகம் வரும். மதியும் அந்த இரவில் அதை யோசிக்கமாட்டாள். பிறகு எப்போதாவது யோசிக்கலாம்.

---

இளவேனில் எழுதியது:

மூன்று நாள் எடுத்துக்கொண்டேன். மாற்றி எழுதியது இது. செந்தில்வேல் சொன்ன இங்கிலீஷ் காயை முதல் போன் பேச்சில் அம்மா வாயில் வைத்துப் பார்த்தேன், எடுத்தேன், மறுபடி வைத்தேன். இந்தப் பிரதியில் இல்லை. பாட்டியைக் கதைக்குள் கொண்டுவந்தால் ஒருவேளை திரும்ப வரும்.

> வீட்டுக்கு வரும் நூக்கலில் இலை இருந்ததே இல்லை. காய்க்காரம்மா கூடையிலேயே ஒடித்துப் போட்டுவிட்டுத்தான் தெருவுக்குள் வருவாள்.
>
> படத்தை இரண்டு விரலால் விரித்தாள். நடுவில் எலுமிச்சை. அதற்கு வலப்பக்கம், விளிம்பு தின்றது போக மிச்சமிருந்த அரைப்பெட்டி. தினமும் அவள் தாண்டிப் போகிற நீலப்பச்சைத் தழை அங்கேதான் இருக்கும். படத்தில் தழை இல்லை, விளிம்புக்கு வெளியே போய்விட்டது. தழைக்குக் கீழே உருண்டையாக ஏதோ இருந்திருக்கிறது. எலுமிச்சையைப் போல இரண்டு மடங்கு.
>
> அட்டையும் பாதிதான். Kohl என்று தட்டினாள். முட்டைக்கோஸ் என்றது கைப்பேசி.
>
> இல்லை. முட்டைக்கோஸுக்கு ஏது தழும்பு?
>
> இன்னும் விரித்தாள். உருண்டையின் விலாவில் மூடிய இமை போல ஒரு கோடு. அதற்கு மேலே, கொஞ்சம் தள்ளி, இன்னொன்று. மூன்றாவதில் காம்பு முழுதாக விழாமல் ஒரு குட்டை நீட்டிக்கொண்டிருந்தது. அவளுடைய கட்டைவிரல் தானாக மடங்கியது, ஒடிப்பதற்கு.
>
> டக்.

அடுத்த நாள் அவள் வாங்கி வந்து அடிப்பக்கத்தில் கத்தியை வைக்கும் இடத்தையும் சரோஜா அம்மா சொன்னபடியே எழுதிவிட்டேன். கத்தி நிற்குமா இறங்குமா என்பதை மட்டும் இன்னும் முடிவு செய்யவில்லை.

---

சரோஜா எழுதியது:

படித்ததும் என் பெண்ணுக்குப் போன் செய்தேன். அவளுக்கும் அந்தச் சத்தம் ஞாபகம் இருக்கிறதாம்.

இறங்கட்டும் அம்மா. அவ்வளவு தூரம் போய் வாங்கியிருக்கிறது பிள்ளை.

---

தோட்டத்துக்குருவி எழுதியது:

தழும்பு சரி, குட்டை சரி. எலுமிச்சையின் இரண்டு மடங்கு என்றால் டென்னிஸ் பந்தை ஒட்டி வரும், அறுவடைக்குச் சரியான அளவு அதுதான். அந்த அளவில் நார் ஏறியிருக்காது, எனவே கத்தி இறங்கும். நிற்கவேண்டும் என்று நினைத்தால் காயைப் பெரிதாக்குங்கள். வெறும் அளவை வைத்து முற்றல் என்று சொல்லிவிடவும் முடியாது, பெரிதாக வளர்ந்தும் இளசாகவே இருக்கிற ரகங்கள் ஜெர்மனியில் உண்டு. தோலில் ஒரு வெடிப்பையும் சேர்த்து எழுதுங்கள். தண்ணீர் இல்லாமல் காய்ந்து கிடந்து திடீரென்று நனைந்த செடியில் அப்படி வெடிக்கும். படத்திலேயே அந்த வெடிப்பு தெரியும்.

---

செந்தில்வேல் எழுதியது:

கத்தரிக்கோல் பற்றிச் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். 'விளிம்பு தின்றது போக' என்ற சொல்லில் அது கரைந்துவிட்டது. இங்கிலீஷ் காய் விஷயத்தில் மட்டும் நான் ஆத்தா பக்கம்தான்.